காலையில் ஐந்து நிமிட மூச்சு, நோட்டில் மூன்று எண்: வரிசையாகச் செய்வது எப்படி

எழுந்தவுடன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது, அதற்கு முன் மனம் எப்படி இருந்தது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தோம், முடிந்ததும் மனம் எப்படி இருந்தது என்று மூன்று எண்ணாகக் குறித்து வைப்பது. வேலை இவ்வளவுதான். நான் மூன்று வருடமாகச் செய்கிறேன். எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலுமாக ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உட்காருவதில் யாரும் பெரிதாகத் தடுமாறவில்லை. எதை முதலில் செய்வது, எதை எப்போது எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். அதனால் இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றியதாகவே இருக்கும்.

## 1. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, மணியடிக்கும் ஏதாவது ஒன்று, உட்கார ஓர் இடம். இந்த நான்கும் இரவு படுக்கப் போகும் முன்பே ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காலையில் பேனா தேடி எழுந்து போனால் அடுப்படி வழியாகத்தான் போவீர்கள். அடுப்படிக்குள் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

பேனாவை நோட்டோடு நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாத பேனா இரண்டு நாள் தாங்காது.

நோட்டுக்குப் பதில் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதலாமா என்று கேட்பார்கள். பால் கணக்கு எழுதுகிற மாத காலண்டர் என்றால் தாராளமாக எழுதலாம், கட்டம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். தினசரி காலண்டர் வேண்டாம். எங்கள் அத்தை அதில்தான் எழுதினார். மறுநாள் காலை வழக்கம்போல் தாளைக் கிழித்தார், முந்தின நாள் கணக்கும் அதோடு போனது. பதினொரு நாள் எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மணிக்கு ஃபோன்தான் எல்லோரும் வைப்பது, நானும் அதுதான் வைக்கிறேன். ஆனால் இரவே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும். டைமரைத் தொடக் கையில் எடுத்தபோது வாட்ஸ்அப்பில் ஏழு செய்தி காத்திருப்பது கண்ணில் பட்டால், ஐந்து நிமிடமும் அந்த ஏழையும் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். இரவில் யாராவது அவசரமாகக் கூப்பிடக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஏரோப்ளேன் மோடை விட்டுவிடலாம். இணையத்தை மட்டும் அணைத்தால் போதும், அழைப்பு வரும்.

டைமரின் ஓசையையும் இரவே மாற்றி வையுங்கள். எழுப்பும் அலாரத்துக்கு இருக்கும் அதே ஓசை இதற்கும் இருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் உடம்பு தூக்கிவாரிப் போடும். அந்தத் திடுக்கிடலோடு போடுகிற எண் மூச்சின் கணக்கு ஆகாது, மணியின் கணக்கு ஆகிவிடும்.

## 2. எண்களுக்கு அர்த்தம் வைப்பது, ஒரே ஒரு முறை

இதை ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளே, பகலில், நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். காலையில் வேண்டாம். மனம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு நோட்டின் முதல் பக்கத்தில் 1 முதல் 5 வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் உங்கள் உடம்பில் அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

என் நோட்டில் இப்படி இருக்கிறது:

1 – நெஞ்சு படபடப்பு, உட்காரவே முடியவில்லை
2 – தாடை இறுகியிருக்கிறது, அன்றைய வேலைகள் வரிசையாக ஓடுகின்றன
3 – சாதாரணம், சொல்ல ஒன்றுமில்லை
4 – தோள் தளர்ந்திருக்கிறது, எண்ணம் வந்தாலும் இழுத்துப் போகவில்லை
5 – எழுந்திருக்க மனமில்லை, ஆனால் தூக்கம் இல்லை

உங்கள் வரிகள் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். எனக்குத் தாடையில் தெரிவது இன்னொருவருக்கு வயிற்றில் தெரியலாம், கால் ஆட்டுவதில் தெரியலாம். ‘அமைதி’, ‘நிம்மதி’ போன்ற சொற்களை இந்த ஐந்து வரிகளில் போடாமல் எழுதிப் பாருங்கள். அந்தச் சொற்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பொருள் தரும். இறுகிய தாடை என்றைக்கும் இறுகிய தாடைதான்.

பத்துக்கு மார்க் போடலாமே என்றால், காலையில் 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் கை தன்னால் 7 போடும். பள்ளிக்கூடப் பழக்கம், பத்துக்கு ஐந்து என்றால் தோல்வி மாதிரி இருக்கும். ஐந்தில் மூன்று அப்படிக் குத்துவதில்லை.

எழுதிய ஐந்து வரிகளையும் குறைந்தது ஒரு மாதம் மாற்றாதீர்கள். நடுவில் மாற்றினால் முன்னால் எழுதிய 3-ம் பின்னால் எழுதிய 3-ம் வேறு வேறு ஆள்.

## 3. எழுந்ததிலிருந்து உட்காரும் வரை

இந்த இடத்தில்தான் வரிசை ரொம்ப முக்கியம். கண் விழித்ததும் படுக்கையின் ஓரத்தில் கால் தொங்கவிட்டு அரை நிமிடம் இருங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் எழுந்து உட்கார்ந்து அதே அரை நிமிடம். படுத்திருந்து சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், சிலருக்குக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தாண்டவே கூடாது.

அடுத்து பாத்ரூம். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டியிருக்கிறது. ‘முதலில் தியானம், அப்புறம் மற்றதெல்லாம்’ என்று பிடிவாதமாக உட்கார்ந்த ஒருவர் இரண்டு வாரம் 2, 2 என்றே எழுதி வந்தார். பாத்ரூம் போய்விட்டு உட்கார ஆரம்பித்த பிறகு 3 வந்தது. மனசில் ஒரு கோளாறும் இல்லை, மூத்திரப்பைதான் நிறைந்திருந்தது.

அப்புறம் முகத்தில் குளிர்ந்த தண்ணீர், இரண்டு வாய் தண்ணீர். தூக்கக் கலக்கம் எழுந்த நொடியே போய்விடுவதில்லை, பெரும்பாலும் தெளிய கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் முகம் கழுவாமல் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவீர்கள்.

காபி இதற்குப் பிறகுதான். காபியைத் தப்பாகச் சொல்லவில்லை. காபி போட வேண்டுமென்றால் பால் காய்ச்ச வேண்டும், பால் பொங்குகிறதா என்று காது அங்கேயே இருக்கும். யாராவது போட்டுக் கையில் கொடுக்கிற பாக்கியம் இருந்தாலும் ஆறிவிடுமே என்ற நினைப்பு ஓடும். உட்கார்ந்து முடித்தபின் குடித்தால் இரண்டும் ஒழுங்காக நடக்கும்.

## 4. உட்காருவது

நாற்காலி போதும். சாயாமல் அதன் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கை தொடைமேல். கண்ணை மூடலாம், தூக்கம் வருகிறவர்கள் பாதி திறந்து தரையைப் பார்க்கலாம்.

சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பழக்கம் இருந்தால் போடுங்கள், இடுப்புக்கடியில் ஒரு தலையணையை மடித்து வைத்தால் முட்டி கீழே இறங்கும், முதுகு கூன் போடாது. கால் மரத்துப்போனால் அது கால் நரம்பு அழுந்துவதால் வருவது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் காலை மாற்றுங்கள். எழும்போதும் மரத்த காலோடு உடனே நிற்காதீர்கள்.

படுக்கையிலேயே சாய்ந்து உட்காருவது மட்டும் வேண்டாம். உடம்புக்கு அந்த இடம் தூங்கும் இடம்.

## 5. முதல் எண்: மூச்சைத் தொடும் முன்பு

உட்கார்ந்ததும், டைமரைத் தட்டும் முன், இப்போது எப்படி இருக்கிறது என்று முதல் பக்கத்து ஐந்து வரிகளோடு ஒப்பிட்டு ஓர் எண் எழுதுங்கள். பத்து விநாடி வேலை.

புதிதாக வருபவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். ‘முடிந்தபின் அமைதி எவ்வளவு என்பதுதானே கணக்கு’ என்பார்கள். முடிந்தபின் 4 என்று மட்டும் எழுதியிருந்தால், அது 2-லிருந்து ஏறிய 4-ஆ, எழும்போதே 4-ஆக இருந்து அப்படியே நின்றதா என்று பிறகு தெரியாது. முதலாவது என்றால் மூச்சு ஏதோ செய்திருக்கிறது. இரண்டாவது என்றால் முந்தின இரவுத் தூக்கம் செய்திருக்கிறது. இந்த வித்தியாசம் ஏன் பெரிது என்பது எட்டாவது பகுதியில் வரும் கணக்கைப் பார்த்தால் புரியும்.

முடிந்தபிறகு இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அமைதியான பிறகு, முன்னால் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்தினால் உள்ளதைவிட மோசமாக நினைவுக்கு வரக்கூடும். ஐந்து நிமிடத்துக்குப் பலன் காட்டியாக வேண்டும் என்று நமக்கே ஓர் ஆசை இருக்கிறதல்லவா.

## 6. மூச்சை எண்ணுவது

டைமரை ஐந்து நிமிடத்துக்கு வைத்துத் தட்டிவிட்டு, மூச்சு உள்ளே போவதைச் சும்மா விடுங்கள். வெளியே வரும்போது மனசுக்குள் ‘ஒன்று’. அடுத்தது வெளியே வரும்போது ‘இரண்டு’. பத்து வரை போய் மீண்டும் ஒன்று.

வெளிமூச்சில் எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், பலருக்கு விரலிலேயே அது தெரியும். எண்ணுவது வெளிமூச்சில் விழுந்தால் அது தன்னால் கொஞ்சம் நீளும். நீட்ட வேண்டும் என்று நாம் முயற்சி செய்ய வேண்டியதில்லை.

ஏன் பத்தோடு நிறுத்த வேண்டும்? நிறுத்தாவிட்டால் எண்ணிக்கை ஒரு பக்கம் ஓட, நினைப்பு வேறு பக்கம் ஓடும். 43, 44 என்று வாய்ப்பாடு மாதிரி போய்க்கொண்டே இருக்கும், உள்ளே நாம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்போம். பத்து வந்ததும் திரும்ப வேண்டும் என்பது ஒரு சின்னக் கண்ணி. திடீரென்று 16 என்று எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தால் எங்கோ போய்விட்டோம் என்று அர்த்தம். தெரிந்த நொடியில் ஒன்றிலிருந்து. எத்தனை தடவை போனோம் என்று எண்ணாதீர்கள், அது இன்னொரு கணக்காகிவிடும்.

இதில் அதிகம் பார்க்கிற தவறு, ஆழமாக மூச்சு விடுகிறேன் என்று நெஞ்சு புடைக்க இழுத்து விடுவது. எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையன் மூன்றாவது நாள் வந்து, “அக்கா, விரல் நுனியெல்லாம் சுறுசுறுன்னுது, தலை சுத்துது, ஏதோ சக்தி ஏறுது போல” என்றான். சக்தி ஒன்றுமில்லை. தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும் விரல் நுனி சுறுசுறுவென்பதும் இப்படி கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருவது. எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். உங்கள் மூச்சுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் நீங்கள் இழுத்து விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

மூச்சை உள்ளே அடக்கி வைப்பது இந்தப் பயிற்சியில் கிடையாது. கர்ப்பிணிகளும், இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களும் எங்காவது கேள்விப்பட்ட கும்பகத்தை இதோடு சேர்த்துவிட வேண்டாம்.

இன்னொன்று. சிலருக்கு மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே படபடப்பு கூடும். முன்னால் பயத்தில் மூச்சுத் திணறிய அனுபவம் இருப்பவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படும் உணர்வையோ வெளியில் கேட்கும் சத்தங்களையோ எண்ணலாம். குயில் ஒன்று, பால்காரர் வண்டி இரண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி மூன்று. நோட்டில் எழுதுவதில் எந்த மாற்றமும் இல்லை. அப்படிச் செய்தும் முதல் எண்ணைவிட இரண்டாவது எண் பல நாள் குறைந்துகொண்டே வந்தால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுவது நல்லது.

## 7. மணி அடித்ததும் எழுதுவது

மணியை நிறுத்தியதும், எழும் முன்பு, ஃபோனில் வேறு எதையும் திறக்கும் முன்பு, எழுதிவிட வேண்டும். முதலில் நிமிடம், அடுத்து இரண்டாவது அமைதி எண். அன்றைக்கு ஏதாவது இடைஞ்சல் இருந்திருந்தால் அதற்கு ஒரே ஒரு சொல்.

நிமிடத்தை முதலில் எழுதச் சொல்வது ஏனென்றால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதை எழுதி முடிக்கும் ஓரிரு விநாடியில் மணிச் சத்தம் தந்த அதிர்வு அடங்கிவிடும், அப்புறம் போடும் அமைதி எண் கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.

உட்கார்ந்த நிமிடம் என்றால் உண்மையில் உட்கார்ந்த நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் காலிங் பெல் அடித்து எழுந்தால் 3. போய்விட்டு வந்து மீதி இரண்டு நிமிடத்தை முடித்தாலும் 3 + 2 என்று எழுதுங்கள், 5 என்று எழுதாதீர்கள். தொடர்ந்து உட்கார்ந்த ஐந்தும் உடைந்த ஐந்தும் ஒன்றில்லை. கரண்ட் போய், ஃபோனிலும் சார்ஜ் இல்லாத நாளில் பத்துப் பத்தாக ஆறு சுற்று எண்ணிவிட்டு ‘சுமார் 5’ என்று எழுதலாம். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12-லிருந்து 20 மூச்சு வரை விடுவார்கள், உட்கார்ந்து கவனிக்கும்போது அது 12 பக்கமோ அதற்குக் கீழோ வரும். ஆறு சுற்று என்றால் 60 மூச்சு, ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

இப்போது இந்த முழு வேலையிலும் அதிகம் பேர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். தூக்கத்தை அமைதி என்று எழுதுவது. ஐந்து நிமிடம் போனதே தெரியவில்லை, ஓர் எண்ணமும் இல்லை, உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது என்று சொல்லி 5 போடுவார்கள். எண்ணிக்கை எத்தனை வரை போனது என்று கேட்டால் முதல் சுற்று நினைவிருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது. மோவாய் நெஞ்சில் இடித்ததா, மணி அடித்ததும் இது எந்த இடம் என்று ஒரு கணம் குழம்பியதா? அப்படியென்றால் தூங்கியிருக்கிறீர்கள். தப்பே இல்லை. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘தூ’ என்று ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் ‘தூ’ இருக்கும் நாட்களைத் தனியே ஒதுக்கிவிடலாம். வாரத்தில் மூன்று ‘தூ’ வந்தால் மூச்சில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, சீக்கிரம் படுக்க வேண்டும்.

உட்காராத நாளுக்குக் கோடு போடுங்கள், சைபர் வேண்டாம். சைபர் என்றால் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டேன் என்று நான் வைத்திருக்கிறேன், அதுவும் சில நாள் நடக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதினால் உபயோகப்படும். கட்டத்தைக் காலியாக விட்டால், அன்று உட்காரவில்லையா, உட்கார்ந்து எழுத மறந்தோமா என்று ஒரு வாரம் கழித்துச் சொல்ல முடியாது. மறந்துபோன நாளை இரவில் யூகித்து நிரப்பாதீர்கள். அதற்குள் அன்றைய பகல் முழுக்க அந்த எண்ணுக்குள் புகுந்திருக்கும்.

## 8. இரண்டு வாரம் கழித்துப் படிப்பது

தினமும் பின்னால் திருப்பிப் பார்க்க வேண்டாம். நேற்று 3 என்று பார்த்துவிட்டால் இன்று கை 4-க்குப் போகும். இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு ஞாயிறு மதியம் நோட்டை எடுங்கள்.

எங்கள் அண்ணியின் நோட்டை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன். நிமிடம், முன், பின் என்ற வரிசை.

முதல் வாரம்:
திங்கள் 5 / 2 / 3
செவ்வாய் 5 / 3 / 4
புதன் 4 / 2 / 2 மோட்டார்
வியாழன் 5 / 2 / 3
வெள்ளி — மோட்டார்
சனி 8 / 4 / 4
ஞாயிறு 10 / 4 / 4

இரண்டாம் வாரம்:
திங்கள் 5 / 2 / 3
செவ்வாய் 5 / 3 / 3
புதன் 3 / 2 / 2 மோட்டார்
வியாழன் 5 / 2 / 3
வெள்ளி 4 / 2 / 2 மோட்டார்
சனி 8 / 3 / 4
ஞாயிறு 10 / 4 / 4

அண்ணி இதைப் பார்த்ததும் சொன்னது: “பாத்தியா, பத்து நிமிஷம் உக்காந்தாதான் மனசு அடங்குது. அஞ்சு நிமிஷம் பத்தலை. நாளையிலேர்ந்து தினமும் பத்து.”

நிமிடத்தையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எட்டு, பத்து நிமிட நாட்கள் நான்கு, நான்கிலும் 4. “அண்ணி, நடு எண்ணைப் பாருங்க” என்றேன். அந்த நான்கு நாளும் உட்காரும்போதே 4, 4, 3, 4. நாலு நாளில் ஒரே நாள்தான் ஒரு படி ஏறியிருக்கிறது. சனி, ஞாயிறு ஸ்கூல் வேன் கிடையாது, டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதில்லை. அதனால் அமைதியாக எழுந்திருக்கிறார், அமைதியாக இருந்ததால் அதிக நேரம் உட்கார முடிந்திருக்கிறது. நிமிடம் கூடியதால் அமைதி வந்ததாக நினைத்தது தலைகீழ்.

ஐந்து நிமிட நாட்கள் ஆறு. அதில் ஐந்து நாள் ஒரு படி ஏறியிருக்கிறது. அப்படியானால் பத்தைவிட ஐந்துதான் சிறந்ததா? அதுவும் சொல்ல முடியாது. 2-ல் இருப்பவருக்கு ஏற மூன்று படி இருக்கிறது, 4-ல் இருப்பவருக்கு ஒன்றே ஒன்றுதான். இந்த நோட்டை வைத்து நிமிடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நோட்டில் தெளிவாகத் தெரிவது வேறொன்று. மோட்டார் என்ற சொல் இருக்கும் நாள் நான்கு. ஒரு நாள் உட்காரவே இல்லை, மற்ற மூன்றும் ஐந்தைத் தொடவில்லை, மூன்றிலும் 2 இரண்டாகவே நின்றிருக்கிறது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் புதனும் வெள்ளியும் காலை ஆறு மணி வாக்கில் வரும். அரை மணி நேரம்தான் வரும், மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றியாக வேண்டும். அண்ணி உட்காருவது ஆறே காலுக்கு. காது முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்திருக்கிறது, தொட்டி நிரம்பி வழிகிறதா என்று.

சராசரி போட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது. பதின்மூன்று நாளின் கடைசி எண்ணுக்குச் சராசரி 3.15 வருகிறது. அதை வைத்து என்ன செய்வது? அதனால்தான் முதல் மாதத்தில் கூட்டி வகுப்பதைவிட, ஒரே மாதிரி நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

## 9. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது

நோட்டைப் படித்தபின் எல்லோருக்கும் வரும் வேகம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. பத்து நிமிடம், புது இடம், ஊதுபத்தி, சீக்கிரம் எழுவது எல்லாம் சேர்த்து. இரண்டு வாரம் கழித்து எண் மாறியிருந்தாலும் எதனால் மாறியது என்று சொல்ல வழியிருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும்போது அமைதி எண்ணை நேராகப் பிடிக்கப் போகாதீர்கள். ‘இந்த வாரம் 4 எடுக்கணும்’ என்று உட்கார்ந்தால் மூச்சை எண்ணாமல் மார்க்கை எண்ணிக்கொண்டிருப்போம். நம் கையில் இருப்பது நேரம், இடம், நிமிடம் மூன்றும்தான்.

அண்ணி எடுத்துக்கொண்டது நேரத்தை. புதனும் வெள்ளியும் மட்டும், தண்ணீர் நின்று மோட்டாரை அணைத்தபின், ஆறே முக்காலுக்கு உட்கார்ந்தார். மூன்றாம் வாரத்தில் அந்த இரண்டு நாளும் 5 / 2 / 3. நான்காம் வாரம் புதன் 5 / 2 / 3, வெள்ளி 5 / 3 / 3. நான்கே நாள் கணக்கு இது, பெரிதாக எதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் நான்கு நாளும் முழுதாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார், முன்பு ஒரு மோட்டார் நாளில்கூட அது நடக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்துக்கு அவர் எடுத்திருப்பது சனி, ஞாயிறு. அந்த நாட்களிலும் டைமரை ஐந்துக்கே வைத்து, நிமிடம் குறைந்தால் 4 இறங்குகிறதா என்று பார்க்கப் போகிறார். இறங்கும் என்று அவர் சொல்கிறார், இறங்காது என்று நான் சொல்கிறேன். பந்தயம் ஒரு கிலோ காபிப்பொடி.